தாமதக் கட்டண நோட்டீஸும் நாங்கள் எழுதிய பதிலும்

(நமது அறக்கட்டளை சதுரங்கப்பட்டினத்தில் நடத்திய சிறுதொழில் ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எங்கள் கம்பெனிக்கு வருமான வரித்துறையிலிருந்து வந்த ஒரு நோட்டீஸைப் பற்றிப் பேசும்படி அறக்கட்டளை நிர்வாகிகள் கேட்டார்கள். முதலில் தயங்கினோம். நம் வீட்டுக் குறையை நாமே மேடையில் சொல்வதா என்று இருந்தது. ஆனால் இதேபோன்ற காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடந்த ஒரு வருடத்தில் நான்கைந்து பேர் எங்களைத் தேடி வந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறோம்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக: நாங்கள் சகோதரர்கள் மூவர் சேர்ந்து நடத்தும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி. சாரம் கட்டுவது, பெயிண்ட் அடிப்பது, அதற்கு ஆள் அனுப்புவது எங்கள் வேலை. பெரிய ஒப்பந்தக்காரர்களிடம் உள் ஒப்பந்தம் எடுப்போம். எங்களுக்குக் கீழே மேஸ்திரிகள் இருக்கிறார்கள், ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்காரர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பணம் கொடுக்கும்போது சட்டப்படி ஒரு சிறு பங்கை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்த வேலைக்குத் தனிநபர் என்றால் நூற்றுக்கு ஒரு ரூபாய், கம்பெனி என்றால் இரண்டு ரூபாய். இதைத்தான் டி.டி.எஸ். என்கிறோம்.

பிடித்த பிறகு இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். மார்ச் மாதம் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாரிடமிருந்து எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தோம், எந்தச் செலானில் கட்டினோம் என்று ஓர் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். சம்பளம் அல்லாத மற்றவற்றுக்கு அதன் பெயர் 26Q. ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 ஆகியவை அதன் கடைசி நாட்கள். பணம் கட்டுவது ஒரு கடமை, அறிக்கை கொடுப்பது வேறொரு கடமை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததில்தான் நாங்கள் சறுக்கினோம்.

2023-24ஆம் ஆண்டில் எங்கள் கணக்கைப் பகுதிநேரமாகப் பார்த்துவந்த தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்ல முடியாது. டிரேசஸ் இணையதளத்தின் கடவுச்சொல், அதில் பதிந்திருந்த மின்னஞ்சல் எல்லாமே அவருடையதாக இருந்தன. அதை மாற்றி வாங்கிக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. பணத்தை ஏறக்குறைய ஒழுங்காகக் கட்டிவந்தோம். பணம்தான் போய்விட்டதே, காகிதம் மெதுவாகப் போனால் என்ன என்று இருந்துவிட்டோம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டு அறிக்கையை 2024 ஜனவரி 31க்குள் கொடுத்திருக்க வேண்டும். பிப்ரவரி 26 அன்று கொடுத்தோம். அடுத்த காலாண்டை மே 31க்குள் கொடுத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 12 அன்று கொடுத்தோம். முதல் தாமதத்துக்கான நோட்டீஸ் மார்ச் மாதமே அந்தத் தம்பியின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அவர் பாலைவனத்தில் வேறு வேலையில் இருக்கிறார், யார் அதைத் திறப்பது? இரண்டாவது நோட்டீஸ் வந்த பிறகு, நிலுவையைத் தீர்க்கும்படி டி.டி.எஸ். அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் கம்பெனி முகவரிக்கே வந்தது. அப்போதுதான் விழித்தோம்.

மொத்தக் கோரிக்கை 15,422 ரூபாய். பெரிய கம்பெனிக்கு இது டீ செலவு. எங்களுக்கு இரண்டு மேஸ்திரிகளின் வாரக் கூலி.

அன்று இரவே மூவரும் உட்கார்ந்து ஒரு பதில் எழுதினோம். உருக்கமான பதில். கணக்கர் போய்விட்டார், டிசம்பர் புயலில் வேலை நின்றது, நாங்கள் சிறிய கம்பெனி, வரி ஏய்ப்பு நோக்கம் எதுவும் இல்லை, கருணை கூர்ந்து தள்ளுபடி செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம். அதை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் எங்களுக்குத் தெரிந்த வரி ஆலோசகர் ஒருவரிடம் போனோம். பெரியவர். முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதில் நீங்க எழுதியிருக்கிறது எல்லாம் உண்மைதான் பாய். ஆனா இதை வைத்துக்கொண்டு அதிகாரி எதையும் செய்ய முடியாது" என்றார்.

ஏன் என்று அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் என்பது வருமான வரிச் சட்டத்தின் 234இ பிரிவு. 2012 ஜூலை 1 முதல் இருக்கிறது. (1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களைச் சொல்கிறோம், 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன.) இது அபராதம் என்று நாம் நினைக்கிறோம். அபராதம் என்றால் காரணம் கேட்பார்கள், நியாயமான காரணம் இருந்தால் விட்டுவிடுவார்கள். ஆனால் சட்டம் இதை அபராதம் என்று சொல்லவில்லை, கட்டணம் என்கிறது. இதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2015 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் பிரிவு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அறிக்கை தாமதமாக வந்தால் துறைக்குக் கூடுதல் வேலை உண்டாகிறது. அந்த வேலைக்கான கட்டணம்தான் இது, தண்டனை அல்ல என்பது அதன் சாரம். கட்டணம் என்று ஆகிவிட்டால், ஏன் தாமதம் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. தள்ளுபடி செய்யும் அதிகாரத்தைச் சட்டம் அந்த அதிகாரிக்குக் கொடுக்கவில்லை. அவர் இரக்கமற்றவர் என்பதல்ல விஷயம்.

கூடுதல் வேலை துறைக்கு மட்டும்தானா? இங்கே எங்கள் வேன்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுப்பட்டினம் பக்கம் இருப்பவர். மாதம் 35,000 ரூபாய்க்கு எங்கள் ஆட்களை ஏற்றி இறக்குகிறார். மாதம் 350 ரூபாய் பிடிப்போம். அவருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, அதனால் வருடா வருடம் ரிட்டர்ன் போட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார். நாம் 26Q தாக்கல் செய்தால்தான், பிடித்த பணம் அவருடைய பான் எண்ணில், 26AS என்ற கணக்கில் ஏறும். 2024 ஜூலை கடைசியில் அவர் ரிட்டர்ன் போட்டபோது ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த 1,050 ரூபாய் அங்கே இல்லை. எங்கள் அறிக்கை ஆகஸ்ட் 12 அன்றுதானே போயிற்று! அவர் தெரிந்த தொகைக்கு மட்டும் கேட்டு ரிட்டர்ன் போட்டுவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை கொடுப்பவர்களிடம் எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டதாகப் பின்னால் சொன்னார். எங்களுக்கு மேலே இருக்கும் ஒப்பந்தக்காரர் பிடித்த தொகை எங்கள் 26AS-இல் ஏறிவிட்டதா என்று நாங்கள் மாதம் ஒருமுறை பார்ப்போம். எங்களுக்குக் கீழே ஒருவர் அதேபோலப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை மறந்துவிட்டோம். அவர் பணம் எங்கள் கையில் இருந்த அமானிதம்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம்.

அந்தப் பெரியவர் எங்கள் உருக்கமான கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல அந்த 15,422-ஐ உடைப்போம்" என்றார். நோட்டீஸில் கூட்டுத் தொகைகள்தான் இருக்கும். எந்த வரிக்கு, எந்தத் தேதியால் என்பதெல்லாம் நியாய அறிக்கையில் இருக்கும். டிரேசஸ் தளத்தில், அதாவது tdscpc.gov.in என்ற முகவரியில், கம்பெனியின் டான் எண்ணைக் கொண்டு நுழைந்து Justification Report என்ற பெயரில் கேட்டால் ஒரு கோப்பு தருவார்கள். அது பூட்டிய கோப்பு. அதைத் திறக்கும் கடவுச்சொல்லின் அமைப்பு இது:

```
JR_டான்எண்_26Q_Q3_2023-24
```

நடுவில் உங்கள் டான் எண்ணைப் போட்டு, காலாண்டையும் ஆண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சிறு விஷயம் தெரியாமல் நாங்கள் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினோம்.

உடைத்துப் பார்த்தபோது நான்கு துண்டுகள் கிடைத்தன.

முதல் துண்டு, டிசம்பர் காலாண்டின் தாமதக் கட்டணம். பிப்ரவரி 1 முதல் 26 வரை 26 நாள், நாளுக்கு 200, ஆக 5,200 ரூபாய். அந்தக் காலாண்டில் நாங்கள் பிடித்த வரி 18,300. கணக்கு சரி.

இரண்டாவது, மார்ச் காலாண்டின் தாமதக் கட்டணம். ஜூனில் 30 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 12, ஆக 73 நாள். 200-ஆல் பெருக்கினால் 14,600 வருகிறது. ஆனால் நோட்டீஸில் இருந்தது 9,640. குறைத்துப் போட்டுவிட்டார்களோ, கேட்டால் கூட்டிவிடுவார்களோ என்று எங்கள் தம்பி பயந்தான். அப்படி இல்லை. அந்தக் காலாண்டின் மொத்த வரி எவ்வளவோ அதற்கு மேல் இந்தக் கட்டணம் போகக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. நாங்கள் பிடித்தது 9,640, எனவே கட்டணமும் அதோடு நின்றது. உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் நாட்களை எண்ணுவதோடு இந்த உச்சவரம்பையும் பாருங்கள். இன்னொரு பக்கம், வரி சிறிய தொகை என்பதால் அலட்சியமாக இருப்பவர்கள் கவனியுங்கள்: பிடித்த வரிக்குச் சமமான தொகையை நாங்கள் கைப்பணத்திலிருந்து இரண்டாம் முறை கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது துண்டு 102 ரூபாய் வட்டி. 2024 பிப்ரவரி 28 அன்று 3,400 ரூபாய் பிடித்தோம். மார்ச் 7க்குள் கட்ட வேண்டும். முதல் நோன்பு வந்த மார்ச் 12 அன்று கட்டினோம். ஐந்து நாள் தாமதம். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் என்பது 201(1ஏ) பிரிவு. ஐந்து நாளுக்கு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வட்டி 7ஆம் தேதியிலிருந்து ஓடுவதில்லை, பிடித்த நாளிலிருந்து ஓடுகிறது. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகக் கணக்காகிறது. துறையின் கணினி பிப்ரவரியை ஒரு மாதமாகவும் மார்ச்சை ஒரு மாதமாகவும் எடுத்தது. ஆக இரண்டு மாதம், மூன்று சதவீதம், 102 ரூபாய்.

வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. இதன் மார்க்கச் சட்டத்தை ஹஜரத் அவர்களிடம்தான் கேட்க வேண்டும், நாங்கள் சொல்லக் கூடாது. 7ஆம் தேதிக்குள் கட்டிவிட்டால் இந்தப் பேச்சே எழாது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

நான்காவது துண்டில்தான் விஷயம் இருந்தது. டிசம்பர் காலாண்டில் 480 ரூபாய் வட்டி. நியாய அறிக்கையைத் திறந்து பார்த்தால், மூன்று மேஸ்திரிகளிடம் பிடித்த 8,000 ரூபாய்க்கு, பிடித்த தேதி 2023 அக்டோபர் 14 என்று இருக்கிறது. கட்டிய தேதி 2024 ஜனவரி 5. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என நான்கு மாதம், ஆறு சதவீதம், 480 ரூபாய். ஆனால் நாங்கள் அந்தப் பணத்தைக் கொடுத்தது டிசம்பர் 14 அன்று. வங்கிக் கணக்கில் இருக்கிறது, மேஸ்திரிகளின் பில்லில் இருக்கிறது, எங்கள் பேரேட்டிலும் அதே தேதிதான். அவசரத்தில் அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது 12 என்ற மாதம் 10 ஆகிவிட்டது. டிசம்பர் 14-இல் பிடித்ததை ஜனவரி 5-இல் கட்டினால் தாமதமே இல்லை. ஆகவே இந்த 480 நாங்கள் கொடுக்க வேண்டியதே இல்லை.

நாங்கள் இரண்டு பக்கம் எழுதிய கடிதத்தில் இந்த 480 பற்றி ஒரு வரிகூட இல்லை! கேட்க உரிமை உள்ளதைக் கேட்காமல், கேட்டுப் பயனில்லாததைக் கெஞ்சிக் கேட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேதியைத் திருத்தலாம் என்று தெரிந்ததும், அப்படியானால் பிப்ரவரி 28 என்பதையும் மார்ச் 1 என்று மாற்றிவிடலாமே, 102 ரூபாயும் போய்விடுமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். கணினி அதை ஏற்றுக்கொண்டிருக்கும், யாரும் உடனே கேட்டிருக்க மாட்டார்கள். பெரியவர் எங்கள் வங்கிக் கணக்கைத் திருப்பி வைத்து, "பணம் எந்தத் தேதியில போயிருக்கு?" என்று மட்டும் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. திருத்தம் என்பது தவறாக எழுதியதைச் சரியாக எழுதுவது. நடந்ததையே மாற்றி எழுதினால் அதற்குப் பெயர் பொய் அறிக்கை. பிடிபட்டால் 102 ரூபாயோடு நிற்காது.

இப்போது பதில். இந்த நோட்டீஸ்களை அனுப்புவது காசியாபாத் பக்கம் வைஷாலியில் இருக்கும் மையம். கணினி கணக்குப் போடுகிறது, கணினி அனுப்புகிறது. அந்தக் கணினிக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. அதற்குப் புரியும் பதில் திருத்த அறிக்கைதான். டிரேசஸில் ஏற்கெனவே தாக்கலான அறிக்கையின் தொகுப்புக் கோப்பைக் கேட்டு வாங்கி, அதில் அந்த மூன்று வரிகளின் தேதியைச் சரிசெய்து, சோதனை மென்பொருளில் ஓட்டி, வருமான வரித் தளத்தில் மீண்டும் ஏற்ற வேண்டும். இதை நாங்களே செய்யவில்லை, ஆலோசகரின் அலுவலகத்தில் செய்து கொடுத்தார்கள். திருத்தம் போட்டால் தாமத நாட்களும் குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. குறையாது. முதல் அறிக்கை என்று தாக்கலானதோ அந்த நாள்தான் கணக்கு.

அடுத்து, ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டுவது. 281 எண் செலானில், கோரிக்கை வந்தபின் கட்டுவதால் சிறு தலைப்பு 400 என்பதைத் தேர்ந்து, கட்டணத்தைக் கட்டணம் என்ற இடத்திலும் வட்டியை வட்டி என்ற இடத்திலும் போட வேண்டும். எல்லாவற்றையும் வரி என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு அலைபவர்களைப் பார்த்திருக்கிறோம். டிசம்பர் காலாண்டுக்கு 5,200, மார்ச் காலாண்டுக்கு 9,742, ஆக 14,942 ரூபாயை இரண்டு செலானாகக் கட்டினோம். டிசம்பர் காலாண்டு நோட்டீஸ் வந்து 30 நாள் கடந்துவிட்டதால், 220(2) பிரிவின்படி நிலுவைக்கு மாதம் ஒரு சதவீதம், அதாவது மாதத்துக்கு 52 ரூபாய் வீதம் தனியாகச் சேர்ந்தது. திறக்காத மின்னஞ்சலுக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

பணம் கட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டிய செலான் அரசுக் கணக்கில் சும்மா கிடக்கும். எந்தக் காலாண்டின் எந்த நிலுவைக்கு அது என்று கணினிக்குத் தெரியாது. அந்தச் செலானை அந்தக் காலாண்டு அறிக்கையோடு திருத்தத்தின் மூலம் இணைத்தால்தான் நிலுவை அழியும். எங்களிடம் வந்த நான்கைந்து பேரில் இரண்டு பேருடைய சிக்கல் இதுதான். பணம் கட்டி ஆறு மாதம் ஆகியும் நோட்டீஸ் வந்துகொண்டே இருந்தது.

இவ்வளவும் செய்த பிறகுதான் அதிகாரியின் கடிதத்துக்குப் பதில் எழுதினோம். ஆங்கிலத்தில் அனுப்பினோம், தமிழில் அதன் சாரம் இது:

"தங்கள் கடிதத்தில் கண்ட இரண்டு காலாண்டு நிலுவைகள் தொடர்பாக: தாமதக் கட்டணம் முறையே 5,200 ரூபாய், 9,640 ரூபாய் ஆகியவற்றை ஒப்புக்கொண்டு செலுத்திவிட்டோம். மார்ச் காலாண்டின் வட்டி 102 ரூபாயையும் செலுத்திவிட்டோம். செலான் நகல்களும் அவற்றை இணைத்த திருத்த அறிக்கைகளின் ஒப்புகைச் சீட்டுகளும் இத்துடன் உள்ளன. டிசம்பர் காலாண்டில் கோரப்பட்ட வட்டி 480 ரூபாய், பிடித்த தேதி 14.12.2023 என்பதற்குப் பதிலாக 14.10.2023 என்று பதிவானதால் எழுந்தது. வங்கிக் கணக்கு நகல், மூன்று பில்கள், பேரேட்டின் பக்கம் இணைக்கப்பட்டுள்ளன. தேதியைத் திருத்தி அறிக்கை தாக்கல் செய்துள்ளோம். அது பரிசீலிக்கப்பட்டதும் அந்தத் தொகை நீங்க வேண்டும். அதுவரை அந்த 480 ரூபாயை வசூலிக்கும் நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டுகிறோம்."

அவ்வளவுதான். புயல் இல்லை, கணக்கர் இல்லை, கருணை இல்லை. அரைப் பக்கம். சில வாரங்களில் திருத்தம் பரிசீலிக்கப்பட்டு டிரேசஸில் இரண்டு காலாண்டுகளிலும் நிலுவை பூஜ்யம் என்று வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

கட்டணத்தைக் கட்டாமல் இழுத்தடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 271எச் என்று வேறொரு பிரிவு இருக்கிறது. அது உண்மையான அபராதம், 10,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை. வரி, கட்டணம், வட்டி மூன்றையும் கட்டி, கடைசி நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அறிக்கையும் கொடுத்திருந்தால் அந்த அபராதம் இல்லை என்று முன்பு இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அந்த ஒரு வருடம் ஒரு மாதமாகிவிட்டது. எங்கள் மார்ச் காலாண்டுத் தாமதம் இன்று நடந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி நேரத்தில் இரண்டு பெரியவர்கள் பழைய நோட்டீஸ் பற்றிக் கேட்டார்கள். 2013, 2014ஆம் ஆண்டுக் காலாண்டுகளுக்கு அப்போதே வந்த தாமதக் கட்டணம், இன்னும் நிலுவையாகத் தெரிகிறது. இங்கே மட்டும் சட்டப்படி சொல்வதற்கு ஒரு வாதம் உண்டு. கட்டணம் என்ற பிரிவு 2012-இல் வந்துவிட்டது. ஆனால் அறிக்கையைக் கணினியில் பரிசீலிக்கும்போதே அந்தக் கட்டணத்தைப் போட்டு நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் 200ஏ பிரிவில் 2015 ஜூன் 1 அன்றுதான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அனுப்பிய நோட்டீஸில் கட்டணம் போட்டது செல்லாது என்று அந்த ஜூன் மாதமே சிபியா ஹெல்த்கேர் என்ற கம்பெனியின் வழக்கில் அமிர்தசரஸ் வருமான வரித் தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த மாதம் நம் சென்னைத் தீர்ப்பாயமும் அதே கருத்தில் தீர்ப்பளித்தது. 2016-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் மாறாகச் சொன்னது. ஆகவே இது வாதம்தான், உத்தரவாதம் அல்ல. மேல்முறையீடு செய்ய நோட்டீஸ் கிடைத்த 30 நாள்தான் அவகாசம். இத்தனை வருடம் கழித்துப் போவதென்றால் தாமதத்தை மன்னிக்கும்படியும் சேர்த்துக் கேட்க வேண்டும். தொகையையும் செலவையும் பார்த்து ஆலோசகரோடு முடிவு செய்யுங்கள். 2015 ஜூனுக்குப் பிந்தைய காலாண்டுகளுக்கு இந்த வாதம் கிடையாது. இணையத்தில் படித்ததை வைத்து எங்கள் கடிதத்திலும் அதைச் சேர்க்கச் சொன்னவர்கள் இருந்தார்கள், நாங்கள் சேர்க்கவில்லை.

அவர்களில் ஒருவர், 2024 பிப்ரவரியில் பழைய சிறு நிலுவைகளை அரசு தள்ளுபடி செய்ததே, அதில் இது போய்விட்டிருக்குமே என்றார். 2010-11 முதல் 2014-15 வரையிலான ஆண்டுகளுக்கு 10,000 ரூபாய் வரையிலான நிலுவைகளை நீக்கினார்கள், உண்மைதான். ஆனால் டி.டி.எஸ். பிடிப்பவர்கள் மீதான நிலுவைக்கு அது பொருந்தாது என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருந்தது.

வேன்காரர் விஷயம் பாக்கி. எங்கள் அறிக்கை ஆகஸ்டில் ஏறிய பிறகு அந்த 1,050 ரூபாய் அவர் கணக்கில் வந்துவிட்டது. ஏற்கெனவே போட்ட ரிட்டர்னை அந்த டிசம்பர் 31க்குள் திருத்திப் போட்டால் கிடைக்கும். அவரை அழைத்துக்கொண்டு போய் நாங்களே திருத்திப் போட்டுக் கொடுத்தோம். பணம் வந்ததும் வேனை நிறுத்திவிட்டு வந்து சொல்லிவிட்டுப் போனார். இப்போது டிரேசஸில் எங்கள் மூவரில் ஒருவருடைய மின்னஞ்சல் இருக்கிறது; காலாண்டு அறிக்கை போன மறுவாரம் வேன்காரரும் மேஸ்திரிகளும் தங்கள் 26AS-ஐப் பார்த்து, ஏறிவிட்டது என்று எங்களுக்குப் போன் போடுகிறார்கள்.

வஸ்ஸலாம்.